விட்ட இடம் தெரிந்தால் போதும்

காலை ஆறரை மணி. பால் சேகரிப்பு மையத்தில் ஒரு பெண் தன் கேனிலிருந்து பாலை ஊற்றுகிறார். தராசு எடை காட்டுகிறது, பக்கத்திலிருக்கும் கருவி கொழுப்பைக் காட்டுகிறது, துண்டுச் சீட்டு ஒன்று அச்சாகி அவர் கைக்கு வருகிறது. அதோடு எங்கோ ஒரு தரவுத்தளத்தில் ஒரு வரியும் சேர்கிறது. மைய எண், உறுப்பினர் எண், லிட்டர், கொழுப்பு, நேரம், அந்த வரிக்கென்று ஒரு தொடர் எண், அவ்வளவுதான். ஐயாயிரம் பேர் காலையும் மாலையும் ஊற்றினால் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் வரிகள். மூன்று ஆண்டில் ஒரு கோடியைத் தாண்டிவிடும்.

அப்படி ஒரு கோடி வரிகளை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வேலை ஒருமுறை என்னிடம் வந்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டால் நினைவகம் தாங்காது. அதனால் ஆயிரம் ஆயிரமாகக் கேட்கும்படி எழுதினேன், மொத்தம் பத்தாயிரம் பக்கங்கள். நான் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் முதல் சில நூறு பக்கங்கள் ஓடியிருந்தன. சாயங்காலம் பார்த்தபோது ஒவ்வொரு பக்கமும் முந்தையதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டிருந்தது. சர்வரில் வேறு எந்த வேலையும் ஓடவில்லை. நெட்வொர்க்கும் நன்றாகத்தான் இருந்தது. பாதிப் பக்கங்கள் முடிந்துவிட்டதாகத் திரை சொன்னபோது உண்மையில் கால்வாசி வேலைதான் முடிந்திருந்தது. அது ஏன் கால்வாசி என்று பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நான் எழுதியது கிட்டத்தட்ட எல்லாரும் எழுதுகிற வினவல்தான். திரையில் இருபது இருபது வரியாகக் காட்டும் பட்டியலுக்கு அதையே இப்படி எழுதுவார்கள்:

```sql
SELECT id, poured_at, member_no, litres
FROM entries
ORDER BY poured_at DESC, id DESC
LIMIT 20 OFFSET 500000;
```

புதியதிலிருந்து பழையதாக வரிசைப்படுத்தி, முதல் ஐந்து லட்சத்தை விட்டுவிட்டு, அடுத்த இருபதைக் கொடு என்று இதற்குப் பொருள். ‘விட்டுவிட்டு’ என்ற சொல்தான் நம்மை ஏமாற்றுகிறது. தரவுத்தளம் எதையும் தாண்டிக் குதிப்பதில்லை. ஐந்து லட்சம் வரிகளையும் ஒவ்வொன்றாக எடுக்கிறது, எண்ணுகிறது, கீழே போடுகிறது. அதன் பிறகுதான் நாம் கேட்ட இருபது வரும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் ஆவணமே இதை ஒளிக்காமல் சொல்கிறது: `OFFSET` விட்டுவிடும் வரிகளையும் சர்வர் உள்ளுக்குள் கணக்கிட்டாக வேண்டும், ஆகவே பெரிய `OFFSET` திறன் குறைந்ததாக இருக்கலாம்.

இதை நேரில் பார்க்க ஆசைப்பட்டால் வினவலுக்கு முன்னால் `EXPLAIN (ANALYZE, BUFFERS)` என்று சேர்த்து ஓட்டிப் பாருங்கள். வெளியே `Limit` என்ற வரியில் 20 இருக்கும். அதற்கு உள்ளே இண்டெக்ஸைப் படித்த வரியில் 5,00,020 என்று நிற்கும். நமக்கு வந்தது இருபது. அதற்காகச் சர்வர் தொட்டது ஐந்து லட்சத்து இருபது.

இப்போது என் பத்தாயிரம் பக்கங்களுக்கு வருவோம். முதல் பக்கத்துக்கு ஆயிரம் வரிகளைத் தொட்டது, இரண்டாவதற்கு இரண்டாயிரம், மூன்றாவதற்கு மூவாயிரம். கடைசிப் பக்கத்துக்கு ஒரு கோடி. ஒன்றிலிருந்து பத்தாயிரம் வரை கூட்டி ஆயிரத்தால் பெருக்கினால் ஏறத்தாழ ஐயாயிரம் கோடி. இருப்பதே ஒரு கோடி வரிதான், அதைப் படிக்க ஐயாயிரம் கோடி முறை தொட வேண்டியிருந்தது. பாதிப் பக்கங்கள் முடிந்த இடத்தில் கால்வாசி வேலை முடிந்திருந்ததும் இதே கூட்டலால்தான். ஐயாயிரம் பக்கம் வரைக்குமான கூட்டுத்தொகை, பத்தாயிரம் பக்கத்துக்கானதில் நாலில் ஒரு பங்கு.

இண்டெக்ஸ் இருந்துமா இப்படி என்று யாருக்கும் தோன்றும். இண்டெக்ஸ் எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பார்த்தால் காரணம் புரியும். போயிங் ஆய்வுக்கூடத்தில் இருந்த ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் 1972இல் வெளியிட்ட பி-மரம்தான் இன்றும் பெரும்பாலான தரவுத்தளங்களின் இண்டெக்ஸுக்கு அடிப்படை. போஸ்ட்கிரெஸில் இந்த மரம் 8 கிலோபைட் கொண்ட கட்டங்களால் ஆனது. நேரமும் தொடர் எண்ணும் சேர்ந்த பதிவு ஒரு கட்டத்தில் சுமார் இருநூற்றைம்பது அடங்கும். உச்சிக் கட்டத்திலிருந்து இருநூற்றைம்பது வழிகள், ஒவ்வொன்றின் கீழும் இன்னும் இருநூற்றைம்பது, அதற்கும் கீழே இருநூற்றைம்பது பதிவுகள் என்று மூன்று அடுக்கிலேயே ஒன்றரைக் கோடி வரிகளுக்கு இடம் கிடைத்துவிடும். ஆக, ‘மார்ச் 11 காலை 6.42க்கு ஊற்றிய பால் எங்கே’ என்று கேட்டால் மூன்றே கட்டங்களைத் திறந்து பார்த்து இடத்தைக் காட்டிவிடும்.

‘ஐந்து லட்சமாவது வரி எங்கே’ என்று கேட்டால்தான் அது திணறும். எந்தக் கிளைக்குக் கீழே எத்தனை வரிகள் இருக்கின்றன என்ற கணக்கை இந்த மரம் வைத்துக்கொள்வதில்லை. தெருப்பெயரும் கதவு எண்ணும் தெரிந்தால் நேராக வீட்டுக்குப் போய்விடலாம். ‘ஊரின் நானூறாவது வீடு’ என்றால் ஊர் எல்லையிலிருந்து எண்ணிக்கொண்டே நடக்க வேண்டியதுதான். போஸ்ட்கிரெஸுக்கு இன்னொரு சுமையும் உண்டு. ஒரு வரி இன்னும் உயிரோடு இருக்கிறதா, அழிக்கப்பட்டுவிட்டதா என்பது பெரும்பாலும் இண்டெக்ஸில் தெரியாது. எண்ணிக் கீழே போடப்போகிற வரிக்குக்கூட அட்டவணைக்குப் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும்.

வேகத்தைவிட என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இன்னொரு விஷயம். பக்க எண்ணை நம்பிப் படித்தால் விடையே தப்பாக வரலாம். முதல் பக்கத்தில் இருபது வரிகளைப் பார்க்கிறீர்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்று பேர் பால் ஊற்றுகிறார்கள், புதிய வரிகள் மூன்றும் பட்டியலின் உச்சியில் ஏறுகின்றன. இரண்டாம் பக்கத்துக்குப் போனால் `OFFSET 20` மேலிருந்து இருபதை எண்ணும், அந்த இருபதில் இப்போது புதிய மூன்றும் அடக்கம். ஏற்கெனவே பார்த்த கடைசி மூன்று வரிகள் இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில் மறுபடி வந்து நிற்கும். மாறாக, தவறான பதிவு என்று அந்த இருபதில் இரண்டை யாராவது நீக்கினால் எல்லாம் இரண்டு இடம் மேலே ஏறி, நீங்கள் பார்க்காத இரண்டு வரிகள் முதல் பக்கத்துக்குள் போய்விடும். அவற்றை எந்தப் பக்கத்திலும் பார்க்கவே மாட்டீர்கள். கண்ணால் மேயும் பட்டியலில் இது சின்னத் தொந்தரவு. பத்து நாளுக்கு ஒருமுறை நடக்கும் பட்டுவாடாவுக்கு இப்படிப் படித்தால் ஒருவருக்கு இரண்டு தடவை பணம் போகும், இன்னொருவர் ஊற்றிய பாலுக்குப் பணமே வராது.

தீர்வு பழையதுதான். எத்தனையாவது வரி என்று கேட்பதை விட்டுவிட்டு, எந்த வரிக்கு அப்பால் என்று கேட்க வேண்டும். புத்தகத்தில் படித்த பக்கத்தில் நூல் வைத்து மூடுகிறோம், மறுநாள் முதல் பக்கத்திலிருந்து எண்ணுவதில்லை. இதைக் கீசெட் பேஜினேஷன் என்கிறார்கள். ஆஸ்திரியாவைச் சேர்ந்த மார்க்கஸ் வினாண்ட் பல ஆண்டுகளாக `OFFSET` வேண்டாம், இது போதும் என்று எழுதியும் பேசியும் வருகிறார். பக்கத்தின் கடைசி வரியில் இருந்த நேரத்தையும் தொடர் எண்ணையும் குறித்துக்கொண்டு, அடுத்த பக்கத்தை இப்படிக் கேட்கிறோம்:

```sql
CREATE INDEX entries_time_id ON entries (poured_at, id);

SELECT id, poured_at, member_no, litres
FROM entries
WHERE (poured_at, id) <
      ('2024-03-11 06:42:18.507213+05:30', 7310442)
ORDER BY poured_at DESC, id DESC
LIMIT 20;
```

மரத்தில் மூன்று கட்டம் இறங்கி அந்த இடத்தைப் பிடிக்கிறது, அங்கிருந்து இருபது வரிகளைப் படித்துவிட்டு நிற்கிறது. `EXPLAIN ANALYZE` இப்போது உள்ளேயும் 20, வெளியேயும் 20 என்று காட்டும். இரண்டாம் பக்கமானாலும் இருபத்தையாயிரமாவது பக்கமானாலும் வேலை ஒன்றுதான். மேலே புதிய வரிகள் எத்தனை ஏறினாலும் நூல் வைத்த இடம் நகராது. குறித்து வைத்த அந்த வரியையே யாராவது அழித்துவிட்டாலும் கவலையில்லை. அந்த மதிப்புக்குக் கீழே என்றுதான் கேட்கிறோம், அந்த வரி அங்கே இருந்தாக வேண்டும் என்பதில்லை. இண்டெக்ஸைப் பின்னாலிருந்தும் படிக்க முடியும் என்பதால் அதை உருவாக்கும்போது `DESC` போடாததும் குறையல்ல.

நேரம் மட்டும் போதாதா, தொடர் எண் எதற்கு? நாற்பது மையங்களில் ஒரே சமயத்தில் பால் ஊற்றுகிறார்கள். சில கருவிகள் நேரத்தை நொடிக்கணக்கில்தான் பதியும். 6:42:18 என்ற ஒரே நேரத்தில் ஐந்து வரிகள் இருக்கலாம். இருபது வரிப் பக்கம் அந்த ஐந்தில் இரண்டாவதோடு முடிந்ததென்று வையுங்கள். 6:42:18க்கு முந்தையதைக் கொடு என்று மட்டும் கேட்டால் மீதி மூன்றும் காணாமல் போகும். வரிசைக்குரிய மதிப்பு ஒவ்வொரு வரிக்கும் தனித்ததாக இருக்க வேண்டும், அதற்குத்தான் தொடர் எண். வரிசைப்படுத்தும் நிரலில் `NULL` இருக்கவும் கூடாது. `NULL` உடன் எதை ஒப்பிட்டாலும் ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது. முதல் பக்கத்துக்கு அப்பால் அந்த வரிகள் எந்தப் பக்கத்திலும் தலைகாட்டாது.

அடைப்புக்குறிக்குள் இருக்கும் இரண்டையும் சேர்த்து ஒப்பிடும் முறையை அகராதி வரிசையோடு வைத்துப் பார்க்கலாம். அகராதியில் முதல் எழுத்தைப் பார்க்கிறோம், அது ஒன்றாக இருந்தால் மட்டும் இரண்டாம் எழுத்துக்குப் போகிறோம். இதைச் சுருக்கி எழுதுவதாக நினைத்துப் பலரும் `poured_at < :t AND id < :id` என்று போட்டுவிடுகிறார்கள். சோதனைத் தரவில் இது சரியாகவே ஓடும், ஏனென்றால் அங்கே நேரம் கூடக் கூட எண்ணும் கூடும். கிராமத்து மையத்தில் நெட் போய்விட்டால் கதை மாறுகிறது. கருவி பதிவுகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டு மத்தியானம் மொத்தமாக அனுப்புகிறது. பால் ஊற்றிய நேரம் காலை 6.30, தொடர் எண்ணோ மத்தியானத்து எண். நேரம் சிறியது, எண் பெரியது. `AND` போட்ட வினவல் அந்த வரிகளைச் சத்தமில்லாமல் தள்ளிவிடும். ஜோடி ஒப்பீட்டை ஏற்காத எஸ்க்யூஎல் சர்வரிலும், ஏற்றாலும் இண்டெக்ஸைச் சரியாகப் பயன்படுத்தாத மைஎஸ்க்யூஎல்லிலும் இப்படி விரித்து எழுதுவது நல்லது:

```sql
WHERE poured_at <= :t
  AND (poured_at < :t OR id < :id)
```

முதல் வரி இண்டெக்ஸுக்குத் தொடங்கும் இடத்தைச் சொல்லித் தருகிறது. அடுத்தது சமமான நேரங்களைப் பிரிக்கிறது.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்த பிறகும் எங்கள் கைபேசிச் செயலியில் வரிகள் குறைந்தன. ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோதான், ஆனால் குறைந்தன. மேலே உள்ள நேரத்தை உற்றுப் பாருங்கள், .507213 என்று முடிகிறது. போஸ்ட்கிரெஸ் நேரத்தை மைக்ரோநொடி வரை வைத்திருக்கும். ஜாவாஸ்கிரிப்டின் `Date` மில்லிநொடியோடு நின்றுவிடும். கடைசி வரியின் நேரத்தைச் செயலி வாங்கி `Date` ஆக மாற்றி, அடுத்த பக்கம் கேட்கும்போது திருப்பி அனுப்பியது. போனது .507213, வந்தது .507. சர்வர் .507000க்குக் கீழே உள்ளவற்றைத் தேடியது. .507000க்கும் .507213க்கும் நடுவில் இருந்த வரிகள் முதல் பக்கத்திலும் இல்லை, இரண்டாம் பக்கத்திலும் இல்லை. பழையதிலிருந்து புதியதாக வரிசைப்படுத்தியிருந்தால் இதே தவறு வரிகளை இரண்டு தடவை காட்டியிருக்கும், நாங்களும் சீக்கிரமே கண்டுபிடித்திருப்போம். மறைந்துபோன வரியை யாரும் தேடுவதில்லை. அன்றிலிருந்து அடையாளத்தைச் சர்வரே ஒரு சரமாகக் கட்டிக் கொடுக்கிறது, செயலி அதைப் பிரிக்காமல் அப்படியே திருப்பி அனுப்புகிறது.

இந்த வகைத் தவறுகளைப் பிடிக்க எனக்குத் தெரிந்த நம்பகமான வழி ஒன்று உண்டு. வேண்டுமென்றே ஒரே நேரம் கொண்ட வரிகளையும், மில்லிநொடிக்குள் நெருங்கி நிற்கும் வரிகளையும், எண் முன்பின்னாக வரும் வரிகளையும் ஒரு சிறு அட்டவணையில் போட்டு, பக்கத்துக்கு ஒரே ஒரு வரி என்று வைத்துக் கடைசி வரை போக வேண்டும். வந்த எண்களில் ஒன்றுகூட இரண்டு முறை வரக்கூடாது, மொத்தம் `COUNT(*)` உடன் பொருந்த வேண்டும். பக்கத்துக்கு இருபது வைத்தால் எல்லைக்கோடுகள் அபூர்வமாகத்தான் சிக்கலான இடத்தில் விழும். ஒன்று வைத்தால் ஒவ்வொரு வரியும் எல்லைக்கோடுதான்.

விலை ஒன்றும் கொடுக்காமல் இது கிடைப்பதில்லை. 25,001ஆம் பக்கத்துக்கு நேராகப் போக முடியாது, அந்த எண்ணே இங்கே கிடையாது. திரையின் அடியில் 1, 2, 3 என்று இருந்த எண்களை எடுத்துவிட்டு ‘முந்தைய’, ‘அடுத்த’ என்று வைத்தோம். முந்தைய பக்கத்துக்கு ஒப்பீட்டையும் வரிசையையும் திருப்பிப் போட்டுக் கேட்டு, வந்த இருபதைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். அடுத்த பக்கம் இருக்கிறதா என்று அறிய இருபத்தொன்று கேட்டு இருபதைக் காட்டினால் போதும். பக்க எண் இல்லையென்றால் ஆட்கள் சண்டைக்கு வருவார்கள் என்று பயந்துகொண்டே ஒரு மையத்தின் செயலாளரிடம் காட்டினேன். “தம்பி, பக்க நம்பரை வச்சு நான் என்ன பண்ண? பதினஞ்சாந்தேதி காலைல இந்தம்மா எவ்வளவு ஊத்தினாங்கன்னு கேட்டா காட்டணும், அதுக்குத்தான் இத்தனை நாளும் பக்கம் பக்கமாத் தள்ளிக்கிட்டிருந்தேன்” என்றார். தேதிப் பெட்டி ஒன்று வைத்தோம். அந்தத் தேதியையே முதல் அடையாளமாக வினவலில் கொடுத்தால் மரம் நேராக அங்கே இறங்கிவிடுகிறது.

அவர் பார்ப்பது அவர் மையத்துப் பதிவுகளை மட்டும். அப்படியென்றால் இண்டெக்ஸில் மைய எண் முதலில் வர வேண்டும், பிறகு நேரம், பிறகு தொடர் எண். இல்லாவிட்டால் சரியான இடத்தில் தொடங்கினாலும் மற்ற மையங்களின் வரிகளைப் படித்துப் படித்துக் கீழே போடும். `EXPLAIN ANALYZE` விடையில் `Rows Removed by Filter` என்ற வரியில் பெரிய எண் தெரிந்தாலோ, `Sort` என்று ஒரு படி முளைத்தாலோ இண்டெக்ஸ் வினவலுக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். நாற்பது மையங்களின் பட்டியல் போல இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும் சமாச்சாரத்துக்கு `OFFSET` தாராளமாகப் போதும். அதற்கு இத்தனை ஏற்பாடு தேவையில்லை.

ஒரு கோடி வரிகளை மாற்றும் வேலையை அடையாளம் வைத்துத் திருப்பி எழுதினேன். இம்முறை முதல் பக்கத்துக்கும் கடைசிப் பக்கத்துக்கும் நேர வித்தியாசம் தெரியவில்லை. அதன் பிறகு, புதிதாகச் சேரும் வரிகளை மட்டும் இரவுதோறும் எடுத்துவர அதே முறையை வைத்தோம். நேற்று எந்த இடத்தில் விட்டோமோ அதற்கு மேலே இருப்பதைக் கொடு என்று கேட்பதுதான். முதல் வாரத்திலேயே நெட் இல்லாத அந்தக் கிராமத்து மையம் மறுபடி நினைவூட்டியது. நேற்று மாலை ஊற்றிய பால் இன்று காலை வந்து சேர்ந்தால், அதன் நேரம் நாம் நூல் வைத்த இடத்துக்குப் பின்னால் விழும். அதை இனி யாரும் படிக்கப்போவதில்லை. ஆகவே இந்த வேலைக்கு மட்டும் பால் ஊற்றிய நேரத்தை விட்டுவிட்டு, சர்வர் கொடுத்த தொடர் எண்ணை வைத்து வரிசைப்படுத்தினோம்.

அதிலும் ஒரு பொத்தல் உண்டு. போஸ்ட்கிரெஸில் தொடர் எண் எழுதத் தொடங்கும்போதே வழங்கப்படும், ஆனால் வரி மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிவது பரிமாற்றம் உறுதியான பிறகுதான். 501ஐ வாங்கியவர் இன்னும் முடிக்காமல் இருக்க, 502ஐ வாங்கியவர் முடித்துவிடலாம். அந்த நேரத்தில் படித்தால் 502 தெரியும், அங்கே நூலை வைத்துவிடுவோம். சற்றுப் பின்னால் 501 வந்து நிற்கும்போது நாம் அதைத் தாண்டிவிட்டிருப்போம். கடைசிப் பத்து நிமிடத்துக்குள் வந்த வரிகளை அன்றைக்குத் தொடாமல் மறுநாளைக்கு விட்டுவிடுவது என்று வைத்துக்கொண்டோம். எங்கள் எழுத்து வேலைகளில் எதுவும் பத்து நிமிடம் நீடிப்பதில்லை என்பதால் அது போதுமானதாக இருக்கிறது. ஒரு மையம் ஒரு மாதப் பதிவை ஒரே பரிமாற்றத்தில் ஏற்றத் தொடங்கினால் அந்தப் பத்து நிமிடத்தை மாற்ற வேண்டியிருக்கும்.